ஷிஃப்ட் அலவன்ஸ் ஓ.டி. ரேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

கெலமங்கலம் | 9 ஆகஸ்ட் 2025, காலை 10:15

எங்க பிரஸ் ஷாப்பில் போன வாரம் சி ஷிஃப்ட் பார்த்த ஒரு தம்பியோட கணக்கு இது. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து மாசம் 15,600. கம்பெனி 26 நாள், 8 மணி என்று 208-ஆல் வகுக்குது. மணிக்கு 75 ரூபாய். சி ஷிஃப்டுக்கு வந்தால் ராத்திரிக்கு 100 ரூபாய் அலவன்ஸ், பி ஷிஃப்டுக்கு 60, ஏ ஷிஃப்டுக்கு ஒன்றும் கிடையாது.

ஆறு ராத்திரி, எட்டு எட்டு மணி. அதில் மூன்று நாள் காலையில் ஆள் வராததால் இரண்டிரண்டு மணி கூட நின்றான். ஆக 48 மணி வேலை, 6 மணி ஓ.டி.

கம்பெனி போட்டது: சம்பளம் 3,600. ஓ.டி. 75 × 2 × 6 = 900. அலவன்ஸ் 600. மொத்தம் 5,100.

நான் சொல்றது: அந்த 100 ரூபாய் அன்றைய எட்டு மணி வேலைக்கான கூலியில் ஒரு பகுதி. மணிக்கு 12.50. அப்போ அவனோட உண்மையான மணிக்கூலி 87.50. டபுள் 175. ஆறு மணிக்கு 1,050. மொத்தம் 5,250 வரணும். வாரத்துக்கு 150 ரூபாய் குறையுது. ஸ்லிப்பில் அலவன்ஸ் ஒரு வரி, ஓ.டி. இன்னொரு வரி என்று தனித்தனியா இருக்கறதால யாருக்கும் இது கண்ணில் படறதே இல்லை.

சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சூளகிரி சிவா | 9 ஆகஸ்ட் 2025, காலை 11:02

அண்ணே, நீங்க சொல்றது சரி, அலவன்ஸ் சேரணும். ஆனா 26 ஏன்? மாசச் சம்பளம் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தானே வருது. 30-ஆல் வகுக்கணும். எங்க கம்பெனியில் 30 தான். அப்புறம் ஒரு நாளைக்கு 9 மணி தாண்டினாலும் ஓ.டி., வாரத்துக்கு 48 தாண்டினாலும் ஓ.டி. உங்க ஆளு மூணு நாள் பத்து மணி நின்னான், அதுல நாளுக்கு ஒரு மணி, 3 மணி. வாரத்துல 6 மணி. மொத்தம் 9 மணி டபுள் கேக்கலாம்.

டைம் ஆபீஸ் ரிட்டயர்டு | 9 ஆகஸ்ட் 2025, மதியம் 3:30

சிவா, பாதி சரி. மீதிப் பாதியில் ஒரு இடத்தில் தொழிலாளிக்கு நஷ்டம், இன்னொரு இடத்தில் இல்லாததைக் கேட்கிறீங்க.

முதலில் 30. 15,600-ஐ 30-ஆல் வகுத்து எட்டால் வகுத்தால் மணிக்கு 65. டபுள் 130. ஆறு மணிக்கு 780. கெலமங்கலத்துக்காரர் கம்பெனி கொடுத்த 900-ஐ விட 120 குறைவு. வகுக்கிற எண் பெரிசானா மணிக்கூலி சிறிசாகும். வார விடுமுறையில் வேலையே கிடையாது, அதனால் வேலை செய்த நாளுக்கு என்ன கூலி என்று பார்க்கும்போது 26 தான் நியாயம். கிராஜுவிட்டி சட்டத்திலேயே மாசச் சம்பளக்காரருக்கு 26-ஆல் வகுக்கச் சொல்லித்தான் இருக்கு. உங்க கம்பெனியில் 30 என்றால் அது உங்களுக்குப் பாதகம், விட்டுடாதீங்க.

அடுத்து 9 மணி. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பிரிவு 59. ஒரு நாளில் 9 மணிக்கு மேல், *அல்லது* வாரத்தில் 48 மணிக்கு மேல். ஒரே மணியை இரண்டு பக்கமும் எண்ணக் கூடாது. அந்தத் தம்பி செய்த 54 மணியில் 48-க்கு மேல் இருப்பது ஆறு. நாளுக்கு 9 தாண்டிய மூன்று மணியும் அந்த ஆறுக்குள்ளேயே இருக்கு. ஆறுதான் டபுள், ஒன்பது இல்லை.

அலவன்ஸ் பற்றி நாளைக்கு எழுதறேன். அது ஒரு வரியில் முடியற சங்கதி இல்லை.

பனியன் ராணி | 9 ஆகஸ்ட் 2025, இரவு 8:48

நான் திருப்பூர். எங்களுக்கு மணிக்கூலியே கிடையாது, பீஸ் ரேட். பவர் டேபிளில் காலர் வைக்கிறேன். ராத்திரி 8 மணிக்கு மேல உட்கார்ந்தாலும் அதே பீஸ் ரேட்தான். பீஸ் ரேட்காரிக்கு ஓ.டி.யே கிடையாதுன்னு சூப்பர்வைசர் சொல்றார். அது நிஜமா?

டைம் ஆபீஸ் ரிட்டயர்டு | 10 ஆகஸ்ட் 2025, காலை 7:20

ராணி அம்மா, நிஜம் இல்லை. அதே 59-இல் மூன்றாம் உட்பிரிவு உங்களுக்குத்தான். முந்தைய மாசம் அதே வேலையில், ஓவர்டைம் இல்லாமல், நீங்க முழு நேரம் வேலை செய்த நாட்களில் நாளுக்குச் சராசரியா எவ்வளவு சம்பாதிச்சீங்களோ, அதையே உங்க நேரக்கூலியா எடுத்துக்கணும். சராசரி 560 என்றால் மணிக்கு 70. ஓவர்டைம் மணிக்கு 140. ஆனால் நீங்க தினமும் எத்தனை பீஸ் முடிச்சீங்க, எத்தனை மணிக்கு எழுந்தீங்க என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கணும். அது இல்லாமல் சராசரியை நிரூபிக்க முடியாது.

இப்போ அலவன்ஸ். 59-இன் இரண்டாம் உட்பிரிவு “சாதாரணக் கூலி” என்று எதைச் சொல்லுது? அடிப்படைச் சம்பளம், அதோடு அந்தச் சமயத்தில் தொழிலாளிக்கு உரிமையுள்ள படிகள். விலக்கி வைத்தது இரண்டே இரண்டு, போனசும் ஓவர்டைம் சம்பளமும். சலுகை விலையில் தானியம் கொடுத்தால் அந்தச் சலுகையின் பண மதிப்பைக்கூடச் சேர்க்கச் சொல்லுது. அரிசிச் சலுகையையே கூலியில் சேர்த்தவங்க, ராத்திரி முழிச்சு வேலை செய்யறதுக்குக் கொடுக்கிற பணத்தை விட்டுடச் சொல்லியிருப்பாங்களா? நான் டைம் ஆபீசில் இருந்த காலம் முழுக்க இதை இப்படித்தான் படிச்சேன். ஆனால் போடச் சொன்னது வேற மாதிரி.

புது எச்.ஆர். | 10 ஆகஸ்ட் 2025, காலை 11:40

வணக்கம். நான் அந்தப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறவன். திட்டாதீங்க, ஆனா எங்க தரப்பையும் கேளுங்க.

ஷிஃப்ட் அலவன்ஸ் மணிக்கணக்கில் வருவதில்லை. சி ஷிஃப்டுக்கு ஆள் வந்தால் 100, அவ்வளவுதான். எட்டு மணி நின்றாலும் 100, பத்து மணி நின்றாலும் 100. தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதை எட்டால் வகுத்து மணிக்கு 12.50 என்று எடுக்க என்ன அடிப்படை? இரண்டாவது, எங்க யூனியனோடு போட்ட 12(3) செட்டில்மெண்டில் ஓ.டி. பேசிக் மற்றும் டி.ஏ. மேல் மட்டும் என்று எழுதி, யூனியனும் கையெழுத்துப் போட்டிருக்கு. மூன்றாவது, ஆள் வாராவாரம் ஏ, பி, சி என்று சுற்றுகிறான். அப்போ அவன் ஓ.டி. ரேட் வாராவாரம் மாறும். பேரோல் சாஃப்ட்வேரில் ஒரு ஆளுக்கு ஒரு ரேட்தான்.

கெலமங்கலம் | 10 ஆகஸ்ட் 2025, இரவு 9:05

தம்பி, நேரா சொன்னதுக்கு நன்றி. ஒவ்வொன்றாப் பார்ப்போம்.

தலைக்கு என்றால், பாதி ராத்திரியில் பர்மிஷன் போட்டு வெளியே போனவனுக்கு முழு 100 கொடுக்கிறீங்களா? எங்க கம்பெனியில் நாலு மணியில் போனால் 50. அப்போ அதை மணிக்குத்தான் கொடுக்கறீங்க. ஆளு குறைச்சு வேலை செய்தால் வகுக்க வருது, கூட வேலை செய்தால் வகுக்க வரலைன்னா அது எப்படி?

ரேட் மாறுவது பற்றி. மாறட்டும். “அந்தச் சமயத்தில் உரிமையுள்ள படி” என்று ஐயா சொன்ன வாசகமே அதைத்தான் சொல்லுது. பி ஷிஃப்ட் வாரம் என்றால் 60-ஐ எட்டால் வகுத்து 7.50, மணிக்கு 82.50, டபுள் 165. ஏ வாரத்தில் 75, டபுள் 150. சி வாரத்தில் 175. சாஃப்ட்வேருக்கு முடியலைன்னா இதைப் போட்டுப் பாருங்க, ஒரு வரிதான்:

```
=ROUND((B2/208 + C2/8)*2*D2, 2)
```

B2-இல் பேசிக்கும் டி.ஏ.வும், C2-இல் அன்றைய ஷிஃப்டுக்கான அலவன்ஸ், D2-இல் டபுள் மணி. தம்பியோட வாரத்துக்கு 15600, 100, 6 போட்டால் 1050 வரும்.

செட்டில்மெண்ட் பற்றி எனக்குத் தெளிவில்லை. ஐயாதான் சொல்லணும்.

சூளகிரி சிவா | 10 ஆகஸ்ட் 2025, இரவு 9:31

கெலமங்கலம் அண்ணே, ஓ.டி. நின்ன நாளுக்கு ரெண்டு அலவன்ஸ் கேட்டா என்ன? எங்க ஆளுங்க அப்படித்தான் கேட்கச் சொல்றாங்க. டபுள்னா எல்லாம் டபுள்.

கெலமங்கலம் | 10 ஆகஸ்ட் 2025, இரவு 9:50

அது நிக்காது சிவா. டபுள் ஆகறது அந்த ஓ.டி. மணிகளின் ரேட். முதல் எட்டு மணிக்கு 100 ஏற்கெனவே வந்தாச்சு. மூணு நாளுக்கு இன்னொரு 100 என்றால் 300, நம்ம கணக்கில் வர்றது 150. கூடக் கேட்டு, அது தப்புன்னு ஒரே நாளில் காட்டிட்டாங்கன்னா, சரியான 150-உம் கூடவே போயிடும்.

டைம் ஆபீஸ் ரிட்டயர்டு | 11 ஆகஸ்ட் 2025, காலை 6:55

செட்டில்மெண்ட்: சட்டம் கொடுப்பதற்கு மேல் ஒப்பந்தம் போடலாம், கீழே போட முடியாது என்பது என் புரிதல். ஆனால் கம்பெனி வக்கீல் என்ன சொல்வார் என்றால், அந்தச் செட்டில்மெண்டில் வேறு இடத்தில் சம்பளம் ஏற்றினோம், கேன்டீன் கொடுத்தோம், மொத்தமாப் பாருங்க என்பார். அந்த வாதத்தை ஏற்றுக்கொள்கிற ஆளும் உண்டு. அதனால் உங்க செட்டில்மெண்ட் நகலை முதலில் வாங்கிப் படிங்க. “ஓ.டி. சட்டப்படி” என்று மட்டும் இருந்தால் உங்க பக்கம் பலம். “பேசிக், டி.ஏ. மட்டும்” என்று இருந்தால் சண்டை நீளும்.

இன்னொன்று. பஞ்ச் ரிப்போர்ட்டைப் பார்த்தீங்களா? சி ஷிஃப்டில் அதிகமாப் பணம் போறது அலவன்சில் இல்லை, நடு ராத்திரியில். பல இடங்களில் மெஷின் 12 மணிக்குத் தேதியை மாற்றிடும். ராத்திரி 10 மணிக்கு உள்ளே வந்தவன் காலை 8:30 வரை நின்றால், சாப்பாட்டு அரை மணி போக முதல் நாள் 2 மணி, மறுநாள் எட்டு மணி என்று உடைச்சிடும். எந்த நாளிலும் 9 தாண்டாது. ஓ.டி. பூஜ்யம். சட்டம் அப்படி இல்லை. பிரிவு 57-இல், நள்ளிரவைத் தாண்டுகிற ஷிஃப்டில் 12 மணிக்குப் பிறகு செய்த வேலையையும் முந்தின நாளில்தான் சேர்க்கணும்.

கெலமங்கலம் | 13 ஆகஸ்ட் 2025, மாலை 5:40

ஐயா சொன்னதைக் கேட்டு டைம் ஆபீசில் பஞ்ச் ரிப்போர்ட் வாங்கினோம். அந்த வாரம் முழு வருகை, அதனால் வாரக் கணக்கில் 54 வந்து ஆறு மணி ஓ.டி. கிடைச்சிடுச்சு. அதுக்கு முந்தைய சுற்றில், அதே தம்பி ஒரு நாள் லீவு போட்ட வாரத்தைப் பாருங்க. அங்கேதான் மாட்டினது.

அந்த வாரம் ஐந்து ராத்திரி, 40 மணி. அதில் இரண்டு நாள் இரண்டிரண்டு மணி கூட நின்றான். மொத்தம் 44. வாரத்துக்கு 48 தாண்டலை. நாளுக்கு 9 தாண்டியது இரண்டு நாளும் ஒவ்வொரு மணி. ரிப்போர்ட்டில் அந்த இரண்டு ராத்திரியும் “2:00” என்று ஒரு வரி, அதுக்குக் கீழே மறுநாள் தேதியில் “8:00” என்று இன்னொரு வரி. இடையில் சாப்பாட்டுக்கான அரை மணி கழிஞ்சிருக்கு. எந்த வரியும் 9 தொடலை. நாலு மணிக்கும் சிங்கிள் போட்டிருக்காங்க.

சட்டத்தை நேராப் படிச்சா இரண்டு மணிக்கு டபுள், இரண்டு மணிக்கு சிங்கிள். அலவன்ஸ் சேர்க்காமலே 300-உம் 150-உம், 450. அவங்க கொடுத்தது 300.

இதில் ஒரு விஷயம் கசப்பா இருந்தாலும் சொல்லணும். லீவு போட்ட வாரத்தில் எட்டுக்கு மேல் நின்ற முதல் மணிக்கு டபுள் கேட்க சட்டத்தில் இடம் இல்லை. கம்பெனி வழக்கமா எட்டுக்கு மேல எல்லாத்துக்கும் டபுள் கொடுத்துட்டு வந்திருந்தா, அந்த வழக்கத்தை வைத்துக் கேட்கலாம். இல்லைன்னா அந்த மணியை விட்டுட்டு மற்றதை உறுதியாக் கேளுங்க.

ஈ.எஸ்.ஐ. கேள்வி | 14 ஆகஸ்ட் 2025, காலை 9:15

இந்த மாசம் ஓ.டி. அதிகம் பார்த்து என் மொத்தம் 22,400 ஆயிடுச்சு. ஈ.எஸ்.ஐ. போயிடுமா? வீட்டுல பிரசவம் இருக்கு. ஓ.டி. நிறுத்திடவா?

டைம் ஆபீஸ் ரிட்டயர்டு | 14 ஆகஸ்ட் 2025, காலை 9:40

போகாது, பயப்படாதீங்க. 21,000 வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைக் கணக்கில் எடுக்க மாட்டாங்க. ஆனால் ஓவர்டைம் பணத்திலும் உங்க பங்கு 0.75 சதவீதம் பிடிப்பாங்க, அது சரிதான். ஓவர்டைமுக்கு பி.எஃப். பிடிக்க மாட்டாங்க.

ஆனால் ஷிஃப்ட் அலவன்ஸ் ஓவர்டைம் இல்லை. அது சம்பளமாத்தான் வரும். 22,400-இல் ஓ.டி. எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரிச்சுப் பாருங்க.

புது எச்.ஆர். | 16 ஆகஸ்ட் 2025, இரவு 10:20

நடு ராத்திரி விஷயத்தில் நீங்க சொல்றது சரி. எங்க மெஷினிலும் பார்த்தேன், சி ஷிஃப்டுக்கு “டே சேஞ்ச்” காலை 10 மணிக்கு வைத்திருக்காங்க, அதனால் உடையலை. வைக்காத கம்பெனிகள் உண்டு. அது ஒரு செட்டிங்தான், வெண்டார் ஐந்து நிமிஷத்தில் மாற்றிடுவார்.

அலவன்சில் நான் இன்னும் ஒத்துக்கலை.

ஒரு விஷயம் மட்டும் உங்க எல்லாருக்கும். ஸ்லிப்பில் “புரொடக்ஷன் இன்சென்டிவ்” என்று திடீரென ஒரு வரி வந்து, அந்தத் தொகை சரியா உங்க மணிக்கூலியால் வகுபட்டால், அது ஓ.டி. தான். காலாண்டுக்கு ஓவர்டைம் 50 மணி, விலக்கு வாங்கினால் 75 என்று உச்சவரம்பு இருக்கு. அதைத் தாண்டினதை மஸ்டரில் காட்ட முடியாமல் அப்படி எழுதறாங்க. அது பெரும்பாலும் சிங்கிள் ரேட்டில்தான் வரும்.

பனியன் ராணி | 17 ஆகஸ்ட் 2025, இரவு 9:10

நோட்டு போட ஆரம்பிச்சிட்டேன். பக்கத்து டேபிள்காரிங்க மூணு பேரும் போடறாங்க. சூப்பர்வைசர் என்ன எழுதறீங்கன்னு கேட்டார். பீஸ் கணக்குன்னு சொன்னோம்.

கெலமங்கலம் | 30 ஆகஸ்ட் 2025, மாலை 6:30

எழுத்தில் கொடுத்தோம். இரண்டு கோரிக்கை, தனித்தனிக் கடிதம். ஒன்று நடு ராத்திரி உடைப்பு, இன்னொன்று அலவன்ஸ். சேர்த்துக் கொடுத்தா சண்டை பிடிக்கிற ஒன்றுக்காக மற்றதும் கிடப்பில் போயிடும்.

முதலாவதை ஒத்துக்கிட்டாங்க. அந்த 150 அடுத்த ஸ்லிப்பில் “அரியர்ஸ்” என்று வந்திருக்கு. தம்பி மட்டும் இல்லை, சி ஷிஃப்ட் லைனில் இன்னும் சிலருக்கும் வந்தது.

இரண்டாவதுக்கு “மேனேஜ்மெண்ட் பரிசீலனையில்” என்று ஒரு வரிப் பதில். பரிசீலனை எத்தனை நாள் ஓடினாலும், சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் மனு போட 12 மாசம்தான் என்று ஐயா தனியாச் சொன்னார். தேதி குறிச்சு வைச்சாச்சு.

டைம் ஆபீஸ் ரிட்டயர்டு | 24 நவம்பர் 2025, காலை 8:00

இந்த இழையைத் திரும்ப மேலே கொண்டு வர வேண்டியிருக்கு. 21 நவம்பர் 2025 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைச் சட்டம் போய் அதன் இடத்தில் புதியது. டபுள் ரேட் அப்படியே இருக்கு. ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும் எழுதியிருக்காங்க.

மாறினது “சம்பளம்” என்பதன் வரையறை. பழைய 59(2)-இல் எல்லாப் படியும் உள்ளே, போனசும் ஓ.டி.யும் வெளியே. புதிதில் பேசிக், டி.ஏ. உள்ளே. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி எல்லாம் பெயர் சொல்லி வெளியே. அந்த வெளியே போனவை மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், பாதிக்கு மேற்பட்ட தொகை திரும்ப உள்ளே வரும்.

ஷிஃப்ட் அலவன்ஸ்? வெளியே வைத்த பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

புது எச்.ஆர். | 24 நவம்பர் 2025, இரவு 9:45

பெயர் இல்லைதான். ஆனா வேலையின் தன்மையால் ஏற்படும் விசேஷச் செலவுக்காகக் கொடுக்கும் தொகை வெளியே என்று ஒரு வரி இருக்கு. ராத்திரி டீ, டிபன், வண்டி என்று அதற்குள் கொண்டு வரலாம் என்பது எங்க கன்சல்டன்ட் கருத்து.

கெலமங்கலம் | 25 நவம்பர் 2025, காலை 6:50

எந்தச் செலவு தம்பி? பில் கேட்டீங்களா? ராத்திரிக்கு கேன்டீனில் டீயும் டிபனும் நீங்களே கொடுக்கறீங்க, பஸ்ஸும் நீங்களே விடறீங்க. அந்த 100 ரூபாயில் எந்தச் செலவும் இல்லை. அது தூக்கத்துக்கான கூலி. செலவுக்கு ஈடு என்று ஒருத்தரும் இதுவரை சொன்னது கிடையாது, எங்க செட்டில்மெண்டிலும் “இரவுப் பணிப் படி” என்றுதான் இருக்கு.

கெலமங்கலம் | 8 பிப்ரவரி 2026, காலை 10:30

போன மாசம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்திருக்கு, ஆவடி ஹெவி வெஹிகிள்ஸ் ஃபேக்டரி தொழிலாளர்கள் வழக்கு. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி மாதிரியானவற்றை ஓ.டி. ரேட்டில் சேர்க்கக் கூடாது என்று அரசுத் தரப்பில் கடிதம் போட்டிருந்தாங்க. 59(2) அப்படி விலக்கலை, கடிதம் போட்டுச் சட்டத்தைச் சுருக்க முடியாது, சேர்க்கணும் என்று தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே தொழிலாளர் பக்கம் சொன்னதை உறுதி செய்திருக்காங்க.

அதில் ஷிஃப்ட் அலவன்ஸ் பற்றி நேரா இல்லை. ஆனா வீட்டு வாடகைப் படியே உள்ளே வரும் என்றால், வேலை செய்த ராத்திரிக்கே கொடுக்கிற படி எப்படி வெளியே நிற்கும்? இது பழைய சட்டத்தின் மேல் வந்த தீர்ப்பு, அதனால் 21 நவம்பருக்கு முந்தைய மாசங்களுக்கான எங்க கோரிக்கைக்கு நேரடி பலம். கடிதத்தோடு தீர்ப்பு நகலும் இணைச்சு மறுபடி கொடுத்திருக்கோம்.

அதுக்குப் பிந்தைய மாசங்களுக்கு என்ன என்பது திறந்தே இருக்கு. சிவா, உங்க 30 விஷயம் என்ன ஆச்சு?

சூளகிரி சிவா | 8 பிப்ரவரி 2026, மதியம் 1:15

26 ஆக்கிட்டாங்க அண்ணே, ஜனவரி ஸ்லிப்பிலிருந்து. பழைய மாசத்துக்குத் தர மாட்டாங்களாம். அதுக்கு எப்படி எழுதறது, உங்க கடித மாதிரியைப் போடுங்க.

கெலமங்கலம் | 8 பிப்ரவரி 2026, மாலை 4:00

போடறேன். அதுக்கு முன்னால உங்க பழைய ஸ்லிப்களையும், அந்தந்த மாசத்துப் பஞ்ச் ரிப்போர்ட்டையும் எடுத்து வைங்க. கடிதத்தில் “குறைவாக் கொடுத்தீங்க” என்று மட்டும் எழுதாதீங்க. மாசம், ஓ.டி. மணி, அவங்க போட்ட ரேட், வரவேண்டிய ரேட், வித்தியாசம், இந்த ஐந்தும் ஒவ்வொரு வரியிலும் இருக்கணும்.